கர்ப்பிணி அட்டையில் இல்லாத ஒரு கேள்வி

எங்கள் பக்கத்தில் 'வெப்புராளம்' என்றொரு சொல் உண்டு. வெளியே சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள் பொங்கிக்கொண்டே இருக்கும் வேதனைக்கு அந்தப் பெயர். போன ஆண்டு என் சித்தி மகள் போனில் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். "அக்கா, வெப்புராளமா இருக்குக்கா. என்னத்துக்குன்னே தெரியல." அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். இரண்டாவது கர்ப்பம். மூத்தது பெண் குழந்தை.

அவள் வாக்கப்பட்ட ஊர் புதூர் பக்கம். விளாத்திகுளத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய். பெய்யாவிட்டால் வேலிக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, இல்லையென்றால் கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி வேலை. வீடு காலனியில். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். மாமியாரும் கூலி வேலைக்குப் போகிறவர்தான். காலை ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இவளும் மூன்று வயதுக் குழந்தையும் மட்டும்தான் இருப்பார்கள்.

வெப்புராளம் என்று அவள் சொன்னதற்கு வீட்டில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. "மாசமா இருக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்பது ஒன்று. காத்து கருப்பு பட்டிருக்கும், குறி கேட்டு மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது விளக்கம் ஒன்று இருக்கலாம் என்பது அரசு மருத்துவமனைக்கு மாதாமாதம் ஒழுங்காகப் போய் வந்த பிறகும் யாருக்கும் தோன்றவில்லை.

அவளுடைய அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். எடை இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது, ஹீமோகுளோபின் 9.4 என்று இருந்தது, சர்க்கரை, ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் தேதியோடு இருந்தன. பிக்மி எண் இருந்தது. ஆறு மாதத்தில் அவளை ஏழெட்டு முறை பரிசோதித்திருக்கிறார்கள். 'தூக்கம் வருதாம்மா, மனசு எப்படி இருக்கு?' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டதற்கான கட்டமும் அந்த அட்டையில் இல்லை. ஒருநாள் பரிசோதனைக்குப் போன இடத்தில் அவளாகவே அழுதிருக்கிறாள். "ரெண்டாவது பிள்ளைக்கே இந்த அழுகையா?" என்று ஒரு ஊழியர் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவள் அங்கே வாயைத் திறக்கவில்லை.

இது அபூர்வமான நோய் என்றால் கேட்காமல் விட்டதைப் புரிந்துகொள்ளலாம். அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கு மனநோய் இருக்கிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. பிரசவத்துக்குப் பிறகு இது 19.8 சதவீதமாகிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பிள்ளை பெற்ற பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்கிறது. ஒரு சுகாதார நிலையத்தில் இந்த ஆண்டு நூறு பெண்கள் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பதினைந்து பேருக்கு இது கர்ப்பத்திலேயே இருக்கும். பதற்ற நோயும் ஏறக்குறைய இதே அளவில்தான் வருகிறது, பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இதெல்லாம் வேலைவெட்டி இல்லாத, படித்த, நகரத்துப் பெண்களுக்கு வரும் வியாதி என்ற நினைப்பு நம் தோழர்கள் சிலரிடமும் இருக்கிறது. "நம்ம பொம்பளைங்க உழைக்கிறவங்க, திடமானவங்க" என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமைக்குள் ஒரு ஆபத்து இருக்கிறது. திடமானவளை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களிடமே இதைக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒருமுறையும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும் பார்த்தார்கள். 2002இல் அது வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் மட்டுமே 11 சதவீதம். கர்ப்பக் கடைசியிலும் பிரசவத்துக்குப் பிறகும் இந்த நோய் வளர்ந்த நாடுகளில் காணப்படும் அளவுக்கே இங்கும் இருந்தது. வேறுபட்டது காரணங்கள்தான். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது அவர்கள் கண்டவை இவை: வருமானம் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடோ பெற்றோரோடோ சரியான உறவு இல்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கைக்கு உதவி இல்லாதது.

அந்தக் கடைசிக் காரணத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். கைக்கு உதவி என்றால் தண்ணீர் எடுத்துத் தர ஆள், சோறு பொங்க ஆள், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். நம் ஊர்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கணக்கு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கு அங்கே ஓய்வும் உண்டு, அம்மாவிடம் சொல்லி அழ இடமும் உண்டு. இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டுக் கணக்கு. அதனால் "ரெண்டாவதுதானே, உனக்குத் தெரியாததா" என்று எல்லோரும் விலகிக்கொள்ளும் நேரத்தில்தான் அவளுக்கு இரட்டை வேலை.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்குத் தலைப்பிரசவத்திலேயே அந்தத் தாய்வீடு இல்லை. அவளுக்கு வளைகாப்பு போட யாரும் வருவதில்லை. பிறந்த வீட்டிலிருந்து யாராவது வந்தால் அது உதவியா ஆபத்தா என்று பயப்பட வேண்டிய நிலை. அப்படிப்பட்ட கல்யாணங்களை முன்னின்று நடத்தி வைக்கிறோம், பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கிறோம். ஓராண்டு கழித்து அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கும்போது நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? மேலே சொன்ன பட்டியலில் பெற்றோர் உறவு, துயரச் சம்பவம், கைக்கு உதவி என மூன்று காரணங்கள் அவளிடம் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன.

சித்தி மகள் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் மனநிலை மாறுவது இயல்புதானே, நோய் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. முதல் மூன்று மாதங்களில் குமட்டல், தூக்கக் குறைவு, ஹார்மோன் மாற்றம் எல்லாம் சேர்ந்து எரிச்சலும் அழுகையும் வருவது சகஜம். அது வரும், போகும். காலையில் அழுதவள் மதியம் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். நோய் என்றால் அது போகாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும் துக்கமோ வெறுமையோ இருக்கும். முன்பு பிடித்தது எதிலும் மனம் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று தோன்றும். படுத்து உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வராது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பதற்றம் என்றால் நெஞ்சு படபடப்பு, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற எண்ணம் ஓயாமல் வருவது, ஸ்கேனில் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்காதது.

இதை அளந்து பார்க்க ஒரு எளிய கேள்வித்தாள் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவானது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. ஐந்து நிமிடம் போதும். களைப்பு, பசியின்மை, உடல்வலி பற்றி அதில் கேள்வியே கிடையாது. கர்ப்பிணிக்கு அவை எப்படியும் இருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சிரிக்க முடிகிறதா, நாளைய நாளை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, வேலைகளைச் சமாளிக்க முடிகிறதா, துக்கத்தால் தூக்கம் கெடுகிறதா என்று போகும். பத்தாவது கேள்வி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

இதற்குத் தமிழ் வடிவம் உண்டு, 2005இல் அதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். தமிழில் 9 வந்தாலே அனுப்புவது சரியாக இருக்கும் என்று அந்தச் சோதனை காட்டியது. எனக்கு இதில் வியப்பில்லை. நம் பெண்கள் 'ரொம்ப' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கொஞ்சம்' என்பார்கள்.

அவளிடம் இதை நான் கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் வெளியே போயிருந்தபோது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கேட்டால் பயனில்லை. சிரிக்க முடிகிறதா என்பதற்கு 1. எதிர்பார்ப்புக்கு 2. தன்னைக் குறை சொல்வதற்கு முழுசாக 3. "இதுவும் பொட்டப்பிள்ளையா இருந்தா எல்லாம் என்னாலதானக்கா?" என்றாள். காரணமற்ற பதற்றத்துக்கு 2, பயத்துக்கு 1, சமாளிப்புக்கு 2, தூக்கத்துக்கு 2, துக்கத்துக்கு 2, அழுகைக்கு 1. பத்தாவது கேள்விக்கு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எப்பயாச்சும்" என்றாள். அதற்கு 1. மொத்தம் 17.

இந்தக் கூட்டுத்தொகை நோயின் பெயரைச் சொல்லிவிடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும். ஆனால் பத்தாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், அன்றைக்கே அதைப் பற்றிப் பேச வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பெரும்பாலும் ஆறுதல்தான் கிடைக்கிறது. வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறாயா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றாள். என்றாலும் பருத்திக்கு அடித்தது போக மிச்சமாக வீட்டில் இருந்த பூச்சிமருந்தை அன்று சாயங்காலமே வெளியேற்றினோம். கரிசல் காட்டு வீடுகளில் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்கும். எழுந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

'வயிற்றுவலி தாங்காமல் பெண் தற்கொலை' என்று நாளிதழில் வரும் செய்தியை எத்தனை முறை படித்திருப்போம். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். கர்ப்பத்திலோ பிரசவமாகி 42 நாளுக்குள்ளோ நடக்கும் தற்கொலையை நேரடிப் பேறுகால மரணமாகவே கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. அதாவது இரத்தப்போக்கில் சாவதும் இதுவும் ஒரே பட்டியல். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்கள் 2004 முதல் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். இரத்தப்போக்கும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வர, தற்கொலை அந்தப் பட்டியலில் முக்கியமான காரணமாகத் தெரியத் தொடங்கியது. நாம் பிரசவ மரணத்தைக் குறைத்த மாநிலம் என்று பேசும்போது வயிற்றுவலிச் சாவுகளையும் எண்ணித்தான் பேச வேண்டும்.

அன்று இரவே 14416க்கு அழைத்தோம். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆலோசகர் முதலில் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள். அவள் பேசியது முக்கால் மணி நேரம். பக்கத்தில் எந்தச் சேவை இருக்கிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள். 104 என்ற அரசு சுகாதார எண்ணிலும் இந்த விவரம் கிடைக்கும்.

மறுநாள் போனது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. அதன்படி மனநல மருத்துவர் ஒருவர் குழுவோடு குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளுக்கும் சில சுகாதார நிலையங்களுக்கும் வருவார். மருந்து இலவசம். எந்த நாள், எந்த ஊர் என்பது மருத்துவ அலுவலருக்கோ கிராம சுகாதாரச் செவிலியருக்கோ தெரியும், ஆனால் நாம் கேட்க வேண்டும். 'மனநல டாக்டர் என்னைக்கு வர்றாரு?' என்று கேட்டால் போதும். காத்திருக்க முடியாத நிலை என்றால் கோவில்பட்டி அரசு மருத்துவமனை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. புதூர்க்காரர்களுக்கு அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதும் ஒரு வழி. எங்கே போனாலும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும், மூத்த பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். பலர் இரண்டாம் முறை வராமல் போவதற்கு இதுதான் காரணம். 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடுவது எளிது.

மருத்துவர் முதலில் செய்தது இரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்திருந்தாலும் இதே மாதிரி இருக்கும், இரத்தசோகை சோர்வைக் கூட்டும். தைராய்டு சரியாக இருந்தது. 9.4க்கு இரும்புச்சத்து ஊசி எழுதினார். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பு வந்ததுண்டா என்று துருவிக் கேட்டார். இருந்திருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு. பிறகு செர்ட்ராலின் என்ற மாத்திரையைப் பாதி அளவில், 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்கினார். கர்ப்பத்தில் மனச்சோர்வுக்கு அதிகம் பயன்படும் மருந்துகளில் ஒன்று இது, தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகிறது. இலேசான மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படாது, ஆலோசனையும் உதவியுமே போதும். இவளுக்குப் பத்தாவது கேள்வியின் விடையும் தூக்கமின்மையும் சேர்ந்ததால் மருந்து என்று விளக்கினார்.

குழந்தைக்கு ஏதும் ஆகுமா என்று நாங்கள் கேட்டோம். எந்த மருந்தும் நூறு சதவீதம் ஆபத்தில்லாதது என்று அவர் சொல்லவில்லை. வைத்தியம் செய்யாத மனச்சோர்வும் குழந்தையைப் பாதிக்கும், எடை குறைவாகவும் நாள் முந்தியும் பிறக்க வாய்ப்பு கூடும், அம்மா சாப்பிடாமல் பரிசோதனைக்கு வராமல் போவாள், இரண்டையும் எடைபோட்டே எழுதுகிறேன் என்றார். இப்படிப் பேசும் மருத்துவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம், இது எல்லோருக்கும் உரிமையாக இருந்திருக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகளும் கொடுத்தார். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் உடனே போக வேண்டும். சில மருந்துகளை, குறிப்பாக வால்புரோயேட்டை, கர்ப்பத்தில் தவிர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மெடிக்கல் கடையில் தூக்கம் வரவில்லை என்று சொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவது கூடவே கூடாது.

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் செய்ததுதான் பாதி வைத்தியம் என்று நினைக்கிறேன். சித்தி வந்து ஒரு மாதம் தங்கினார். தண்ணீரும் அடுப்பும் அவர் பொறுப்பு. குழுக் கடன் வசூலுக்கு வாரா வாரம் காலையில் வாசலில் வந்து நிற்கும் ஆளைப் பார்த்தாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது. இனி அவர் புருஷனிடம் போனில் பேசுவது என்று ஏற்பாடு செய்தோம். கடன் குறையவில்லை, ஆனால் வாசல் பயம் குறைந்தது. பெண் பிறந்தால் என்ன என்பதை மாமியாரிடம் நான் வாதாடிப் புரியவைக்க முயன்று தோற்றேன். செவிலியர் வந்து, பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது ஆணின் விந்தணு என்று அவருக்கு விளக்கிச் சொன்னபோது, "அப்ப எம் மகன்தானா?" என்றாராம். அதன் பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஆறு வாரம் கழித்து அதே பத்துக் கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது 9. பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம்.

இவளுக்கு இதெல்லாம் நடந்தது போன் எடுக்க ஒரு அக்கா இருந்ததால். அப்படி யாரும் இல்லாதவளுக்கு என்ன வழி என்பதற்கும் விடை இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் செய்த சோதனை 2008இல் வெளியானது. பள்ளிப் படிப்பு முடித்த பெண் சுகாதாரப் பணியாளர்கள், நம் கிராமச் செவிலியர்களைவிடக் குறைந்த படிப்பு உள்ளவர்கள், குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டு மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போனார்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை, பிரசவமான மாதத்தில் மூன்று முறை, அப்புறம் மாதம் ஒருமுறை, மொத்தம் பதினாறு சந்திப்புகள். 'என்னால் எதுவும் ஆகாது' என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் இன்று செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை என்ன என்று பேசுவதுதான் முறை. மாமியாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்த உதவி கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும், வெறும் வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. பாதிக்கும் மேல் குறைவு. பிற்பாடு கோவாவில் இதையே பணியாளர்கூட இல்லாத, பக்கத்து வீட்டுப் பெண்களை வைத்துச் செய்து பார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, நம் ஊரில் அந்தப் பணியாளர் எங்கே உட்காருவார் என்பதுதான். இந்த வைத்தியத்தின் முதல் நிபந்தனை, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசுவது. காலனிக்குத் தெருமுனையோடு நின்று, "ஏ பிள்ளைகளா, ஊசிக்கு வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம், தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். அப்படி வருகிறவரிடம் எந்தப் பெண் தன் வெப்புராளத்தைச் சொல்வாள்? மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி இரத்த அழுத்தம் பார்க்க வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலேயே இதைச் சேர்க்கலாம், ஆனால் காலனியிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும். அதே தெருக்காரர் என்றால் ரகசியம் தங்குமா, அவர் மாமியாருக்கே ஒன்றுவிட்ட தங்கையாக இருந்தால் என்ன செய்வது என்ற சிக்கலும் உண்மைதான். பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து ஒருவர் வருவது இதற்கு ஒரு தீர்வாகலாம் என்று நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவையில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் சாதி என்ற சொல்லைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் அமைப்புகள் வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுக்கும் மனுவில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: கர்ப்பத்தில் இரண்டு முறையும் பிரசவத்துக்குப் பிறகு தடுப்பூசிக்கு வரும் நாளில் ஒருமுறையும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்க வேண்டும், 9 வந்தவரை எந்த நாளில் எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரி மட்டும் வேண்டாம். அனுப்ப இடமில்லாமல் கேட்பது இன்னொரு கொடுமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் தாமதிக்க நேரமில்லை. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் பல பெண்களுக்கு அழுகை வரும், பத்து நாளுக்குள் தானாகப் போய்விடும். அதற்கு ஓய்வும் ஆளும் போதும். ஆனால் ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், வேறொன்று வரும். பல நாள் தூக்கமே இருக்காது, பேச்சு தடம் மாறும், யாரோ பேசுவது கேட்கும், குழந்தை தன்னுடையது இல்லை என்பாள். சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கும் நேரத்தில் தாயையும் பிள்ளையையும் இழந்துவிடக் கூடும். 108ஐக் கூப்பிட்டு அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், குழந்தையை அவளோடு தனியாக விடக் கூடாது. உரிய வைத்தியம் கிடைத்தால் இதிலிருந்து பெரும்பாலோர் நன்றாகக் குணமாகிறார்கள்.

சித்தி மகளுக்குப் பிறந்தது பெண்தான். மாமியார் முதல் நாள் முகம் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் சேனை வைத்தார். மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், தொடர்கிறாள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்த அன்று அங்கன்வாடி வாசலில் வைத்து மூன்றாம் முறையாகப் பத்துக் கேள்விகளையும் கேட்டேன். 8 வந்தது. இந்த முறை கேள்விகளைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செவிலியர், அந்தத் தாளை ஒரு நகல் எடுத்துத் தர முடியுமா என்றார். அதே வரிசையில் மடியில் பிள்ளையோடு இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.